கனமான போர்வைதான் கதகதப்பா? கேமரன் மலைக் குளிருக்கு ஃபிளீஸ், பஞ்சு, கம்பளி: எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேமரன் மலையில் போர்வை வாங்கப் போகும் பலரும் கடையில் செய்யும் முதல் காரியம், போர்வையைக் கையில் தூக்கிப் பார்ப்பதுதான். "நல்லா வெயிட்டா இருக்கு, இதுதான் குளிருக்குத் தாங்கும்" என்று சொல்லி எடுத்துக்கொள்வார்கள். பிரிஞ்சாங் பாசார் மாலாமில் மடித்து அடுக்கிய போர்வைகள் ஆனாலும் சரி, ரிங்லெட் கடைத்தெருவில் தொங்கும் போர்வைகள் ஆனாலும் சரி, தேர்வு பெரும்பாலும் கையின் கணக்கில்தான் நடக்கிறது.

ஆனால் எடையும் கதகதப்பும் ஒன்றல்ல. நான்கு கிலோ போர்வையின் கீழே நடுங்குகிறவர்களும் உண்டு, ஒன்றரை கிலோ போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. ஏன் இப்படி? ஃபிளீஸ், பஞ்சுப் போர்வை, கம்பளி மூன்றில் எது லெம்பா பெர்த்தாம் பக்கத்து இரவுக்குப் பொருந்தும்? விரிவாகப் பார்ப்போம்.

லெம்பா பெர்த்தாமில் இரவு எவ்வளவு குளிரும்?

ரிங்லெட் பட்டணமும் அதையொட்டிய பெர்த்தாம் பள்ளத்தாக்கும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே. உயரம் கூடக்கூட வெப்பம் குறையும் என்பதால், பொதுவாகப் பள்ளத்தாக்கு தானா ராத்தாவைவிட ஓரிரு டிகிரி வெப்பமாகவே இருக்கும்.

கேமரன் மலையில் சாதாரண இரவு என்பது 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். மேகமில்லாத இரவுகளில், குறிப்பாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், அதற்கும் கீழே இறங்கும். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே இங்கேதான் பதிவானது: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி.

வானம் தெளிவாக இருந்தால் ஏன் அதிகம் குளிர்கிறது? பகலில் சூடான நிலம் இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியேற்றுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். மேகம் இல்லாவிட்டால் போனது போனதுதான். குளிர்ந்த காற்று கனமானது. அது தேயிலைச் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் சில விடியற்காலைகளில், மேட்டில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கும் வீடு ஜில்லென்று இருக்கிறது.

15 டிகிரி என்பது ஐரோப்பியக் குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றலாம். ஆனால் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கும், சுவர்கள் குளிரைத் தடுக்கும் விதத்தில் கட்டப்பட்டிருக்கும். இங்கே தோட்டத்து லயங்களிலும் பழைய பலகை வீடுகளிலும் தகரக் கூரை, சன்னல் இடுக்கு, சிமெண்ட் தரை. வெளியே 15 டிகிரி என்றால் விடியற்காலையில் உள்ளேயும் கிட்டத்தட்ட அதேதான். அதோடு இன்னொன்று: ஈரப்பதம். மலையில் இரவுக் காற்று பெரும்பாலும் ஈரத்தால் நிறைந்தே இருக்கும். போர்வை விஷயத்தில் இந்த ஈரம் குளிரைவிடப் பெரிய எதிரி. அதைப் பின்னால் பார்ப்போம்.

போர்வை உண்மையில் என்ன செய்கிறது?

எந்தப் போர்வையும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தைத் தருவது உங்கள் உடம்பு. தூங்கும் பெரியவர் ஒருவரின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 75 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அதாவது ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. அந்த வெப்பம் ஓடிவிடாமல் தாமதப்படுத்துவது மட்டுமே போர்வையின் வேலை.

தாமதப்படுத்துவது எது? நூல் அல்ல, பஞ்சு அல்ல. அவற்றுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். எந்த இழையும் அசையாத காற்றைவிட மோசமான தடுப்புதான். இழையின் வேலை, காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அசையவிடாமல் பிடித்து வைப்பது.

அப்படியென்றால் பார்க்க வேண்டியது எடையை அல்ல, தடிமனை. போர்த்திய நிலையில் போர்வை எத்தனை மில்லிமீட்டர் உப்பி நிற்கிறது என்பதுதான் கதகதப்பின் முதல் அளவு.

இதை அளக்க ஓர் அலகே இருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஷர்லி ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த துணி ஆய்வாளர்கள் 1940களில் உருவாக்கியது. பெயர் 'டாக்'. இறக்குமதியாகும் சில போர்வைகளின் லேபலில் இன்றும் இந்த எண்ணைப் பார்க்கலாம். எண் கூடினால் கதகதப்பு கூடும். பிரிட்டனில் கோடைக்கு விற்கும் மெல்லிய போர்வை 4.5 டாக் அளவில் இருக்கும், கடும் குளிர்காலப் போர்வை 13.5 வரை போகும்.

லேபலில் எண் இல்லை என்றால்? ஒரு எளிய மதிப்பீடு போதும். உப்பி நிற்கும் பஞ்சோ இழையோ ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய 2.5 டாக் தரும். அரை சென்டிமீட்டர் என்றால் ஒன்றேகால். இரண்டு சென்டிமீட்டர் என்றால் 5. எந்த இழை என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், ஆனால் வீட்டில் முடிவெடுக்க இந்தக் கணக்கே போதும்.

ஒரே எடை, பாதிக் கதகதப்பு

எடைக்கும் கதகதப்புக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு போர்வை போதும். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த, இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பஞ்சுப் போர்வையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதைத்தான் ரஜாய் என்பார்கள்.

புதிதாக வாங்கும்போது அது இரண்டு சென்டிமீட்டர் உப்பி நிற்கிறது. நம் கணக்கில் 5 டாக். மூன்று, நான்கு வருடம் ஆகிறது. பஞ்சு அமுங்கி, ஒரு சென்டிமீட்டராகத் தட்டையாகிவிடுகிறது. இப்போது இரண்டரை டாக்தான். தராசில் வைத்துப் பார்த்தால் அதே இரண்டு கிலோ! ஒரு கிராம் பஞ்சுகூடக் குறையவில்லை. குறைந்தது அதற்குள் இருந்த காற்றுதான். காற்றுக்குத் தராசில் எடை தெரியாது.

"அப்போ எடைக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டால், ஓரளவு இருக்கிறது. ஒரே வகைப் பஞ்சு, ஒரே மாதிரி உப்பிய நிலை என்றால், அதிகப் பஞ்சு வைத்த போர்வை அதிகத் தடிமனாக இருக்கும், அதனால் அதிகம் கதகதப்பாக இருக்கும். ஒரே கடையில், ஒரே வகையில், ஒரே அளவுள்ள இரண்டு போர்வைகளை ஒப்பிடும்போது கனமானது பெரும்பாலும் கதகதப்பானதுதான். தவறு எங்கே வருகிறது என்றால், வேறு வேறு வகைகளை எடையால் ஒப்பிடும்போது. ஃபிளீஸையும் பஞ்சையும் ஒரே தராசில் வைத்தால் தராசு பொய் சொல்லும்.

இன்னும் ஒரு உதாரணம்: இப்போது இணையக் கடைகளில் விற்கும் 'எடைப் போர்வை'. உள்ளே கண்ணாடி மணிகளை வைத்து ஆறேழு கிலோ வரை கனமாக்கியிருப்பார்கள். உடம்பில் மெல்ல அழுத்தம் கொடுப்பதற்காகச் செய்தது அது. கனம் இருக்கும், ஆனால் மணிக்குள் காற்று இல்லையே. குளிருக்கு வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஃபிளீஸ்: லேசானது, சீக்கிரம் காய்வது, காற்றுக்குத் தோற்பது

ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர் நூலால் பின்னி, மேற்பரப்பைச் சீவிப் பஞ்சுபோல ஆக்கிய துணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த மால்டன் மில்ஸ் ஆலை 1979வாக்கில் இதை உருவாக்கியது. பிளாஸ்டிக் போத்தல்களை உருக்கி எடுக்கும் பாலியஸ்டரிலிருந்தும் இதைச் செய்கிறார்கள்.

லேபலில் 'ஜிஎஸ்எம்' என்று ஒரு எண் இருந்தால், அது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ஒருவர் போர்த்தும் போர்வை பொதுவாக 150க்கு 200 சென்டிமீட்டர், அதாவது 3 சதுர மீட்டர். 250 ஜிஎஸ்எம் ஃபிளீஸ் என்றால் மொத்தம் 750 கிராம். அரை சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன், சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது ஒரு டாக் அளவு.

இது குறைவுதான். ஆனால் எடையோடு சேர்த்துப் பாருங்கள்: முக்கால் கிலோவுக்கு ஒரு டாக். மேலே சொன்ன தட்டையாகிப்போன பஞ்சுப் போர்வைக்கு இது ஏறக்குறைய சமம். அதைவிட முக்கியம், பாலியஸ்டர் இழை தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. காற்றில் ஈரம் எவ்வளவு இருந்தாலும் தன் எடையில் ஒரு விழுக்காட்டைக்கூட எடுத்துக்கொள்ளாது. துவைத்துப் பிழிந்தால், வெயில் இல்லாத நாளிலும் கூடத்துக் கொடியில் ஒரே இரவில் காய்ந்துவிடும். மழை மாதங்களில் இது பெரிய விஷயம்.

பலவீனம் எது? காற்று. ஃபிளீஸ் பின்னல் துணி. அதன் வழியே காற்று சுலபமாகப் புகுந்துவிடும். பலகை இடுக்கில் காத்து அடிக்கும் அறையில் ஃபிளீஸ் மட்டும் போர்த்தினால், உள்ளே சூடான காற்றை வெளிக்காற்று துடைத்துக்கொண்டு போய்விடும். அதற்கு வைத்தியம் எளிது: ஃபிளீஸுக்கு மேலே நெருக்கமாக நெய்த ஒரு மெல்லிய துணி. படுக்கை விரிப்போ, பழைய வேட்டியோ, கைலியோ போதும். துணி தருவது சூடு அல்ல, காற்றுத் தடுப்பு.

இன்னொன்று, சில வருடங்களில் துவைத்துத் துவைத்து ஃபிளீஸின் மேற்பரப்பு உருண்டை உருண்டையாகத் திரளும். அப்படித் திரண்ட ஃபிளீஸ் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது.

பஞ்சுப் போர்வை: நல்ல பொருள், ஈரத்துக்குப் பலி

மூன்றிலும் அதிகம் உப்புவது பஞ்சுப் போர்வைதான். அதனால் புதிதாக இருக்கும்போது, காய்ந்திருக்கும்போது, மற்ற இரண்டும் அதன் அருகே வர முடியாது. சிக்கல் அந்த இரண்டாவது நிபந்தனையில்தான்.

பருத்தி காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண அறைக் காற்றில் தன் எடையில் ஏழு, எட்டு விழுக்காடு ஈரம் அதற்குள் இருக்கும். மூடுபனி சூழ்ந்த மலை இரவில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டு கிலோ போர்வையில் கூடுதலாக 100 முதல் 150 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததுபோலத் தெரியாது. கையால் தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும்.

இந்தத் தண்ணீர் இரண்டு விதத்தில் சூட்டைத் திருடுகிறது. ஈரமான பருத்தி இழை விறைப்பை இழந்து அமுங்கிவிடும், காற்றறைகள் சுருங்கிவிடும். அடுத்து, நீங்கள் போர்த்தியதும் உங்கள் உடம்புச் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்கத் தொடங்கும். 100 கிராம் தண்ணீர் முழுவதும் ஆவியாக வேண்டுமென்றால், தூங்கும் ஒரு மனிதரின் ஏறக்குறைய ஒரு மணி நேர உடல் வெப்பம் செலவாகும். படுத்து ஒரு மணி நேரம் ஆகியும் கால் சூடேறவே இல்லை என்று வயதானவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் எடை நம்மை முழுதாக ஏமாற்றுகிறது. ஈரம் ஏறிய போர்வை கனமாகிறது, அதே சமயம் சூடு குறைகிறது. தூக்கிப் பார்ப்பவருக்கோ, அது "நல்லா வெயிட்டா" இருக்கிறது!

வீட்டில் இதைச் சோதிக்கலாம். விடியற்காலையில் பஞ்சுப் போர்வையைச் சமையலறைத் தராசிலோ, சாமான் தூக்கும் தராசிலோ எடை போடுங்கள். நல்ல வெயிலில் மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி போடுங்கள். 100 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால், அத்தனையும் நேற்றிரவு உங்களோடு தூங்கிய தண்ணீர்.

காயவைக்கும் நேரமும் முக்கியம். கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம், அதுவும் பெரும்பாலும் மதியத்துக்குப் பின். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கிடைக்கும் வெயில்தான் கணக்கு. திருப்பிப் போட்டு, குச்சியால் தட்டினால் அமுங்கிய பஞ்சு மீண்டும் உப்பும். சாயங்காலம் மூடுபனி இறங்கும் வரை கொடியிலேயே விட்டால், காலையில் போன ஈரம் திரும்பி வந்துவிடும். மூன்று மணிக்கு முன்பே எடுத்து மடித்து, பெட்டிக்குள் வைப்பது நல்லது.

தட்டியும் உப்பாமல், உள்ளே கட்டி கட்டியாகப் பஞ்சு திரண்டிருந்தால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பஞ்சே இல்லாத திட்டுகள் தெரிந்தால், அந்தப் போர்வையை இனி மேலே போர்த்த வேண்டாம். கீழே விரிக்கப் பயன்படுத்துங்கள்.

கெக்காபு என்று நாம் சொல்லும் இலவம்பஞ்சு இதில் கொஞ்சம் வேறு ரகம். அதன் இழை உள்ளே குழாய்போல வெற்றாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். பருத்தியைவிட லேசானது, தண்ணீரை எளிதில் ஏற்காது. ஆனால் இழை சீக்கிரம் உடைந்து தூளாகும். அதனால்தான் அது தலையணைக்கும் மெத்தைக்கும் போனதே தவிர, அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு அதிகம் வரவில்லை.

கம்பளி: ஈரத்திலும் கைவிடாதது

மலைத் தோட்டங்களுக்கும் கம்பளிக்கும் பழைய உறவு உண்டு. இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களுக்குக் கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 'கம்பளி' என்ற சொல்லே 'கம்ப்ளி' என்று தோட்டத்துரைமார்களின் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. இரவில் போர்த்திய அதே கம்பளியைப் பகலில் மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். நனைந்த பிறகும் ஓரளவு சூடு தரும் துணி அன்றைக்கு அது ஒன்றுதான்.

காரணம் ஆட்டு ரோமத்தின் அமைப்பு. அந்த இழை இயல்பாகவே சுருள் சுருளாக இருக்கும், ஸ்பிரிங் மாதிரி. அமுக்கினால் மீண்டும் எழும். ஈரக் காற்றில் தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்கு உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனால் மேற்பரப்பு காய்ந்ததுபோலவே இருக்கும். சுருளும் குலையாது. இன்னும் ஒரு ஆச்சரியம்: காய்ந்த கம்பளி நீராவியை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தை வெளியிடும். இரவெல்லாம் சூடேற்றும் அளவுக்கு அல்ல. ஆனால் படுத்த முதல் சில நிமிடங்களில் பருத்தி சில்லிட, கம்பளி சில்லிடாமல் இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஆனால் கம்பளியும் எடைக் கணக்கில் நல்ல பிள்ளை அல்ல. நெருக்கமாக நெய்த ஒன்றரைக் கிலோ கம்பளி ஐந்து மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சுமார் ஒன்றேகால் டாக். ஃபிளீஸைவிடக் கொஞ்சம் மேல், எடையோ இரண்டு மடங்கு. அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: காற்றைத் தடுக்கும், ஈரத்தைத் தாங்கும், வருடக்கணக்கில் தட்டையாகாது, தீப்பொறி பட்டாலும் சுலபத்தில் பற்றிக்கொள்ளாது.

ஒரு எச்சரிக்கை. நாம் பேச்சில் எல்லாத் தடித்த போர்வையையும் 'கம்பளி' என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் கம்பளி என்று தருவது பல நேரம் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர். லேபலில் எத்தனை விழுக்காடு ஆட்டு ரோமம் என்று பாருங்கள். லேபல் இல்லாத பழைய போர்வை என்றால், ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, வீட்டுக்கு வெளியே, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். ரோமம் என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர், அக்ரிலிக் என்றால் உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும்.

ஒரு வீட்டுக் கணக்கு: 6 கிலோவா, 2.7 கிலோவா?

இனி இதையெல்லாம் ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட உதாரணம் இது. ரிங்லெட் பக்கம் ஒரு பலகை வீடு. எழுபது வயதைத் தாண்டிய தாத்தா. விடியற்காலை அறை வெப்பம் 15 டிகிரி. அவரிடம் இருப்பது இரண்டு கிலோ பழைய பஞ்சுப் போர்வை. தட்டையாகி 8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது.

முதலில், அவருக்கு எவ்வளவு தேவை? தூங்கும்போது உடம்பு வெளியிடும் வெப்பத்தையும் அறையின் குளிரையும் வைத்துக் கணக்கிட்டால், 15 டிகிரி அறைக்கு மேலே போர்த்துவது ஏறக்குறைய 4 முதல் 5 டாக் இருக்க வேண்டும். 20 டிகிரி இரவுக்கு 2 முதல் 3 போதும். வயதானவர்களுக்கு உடம்பு உண்டாக்கும் வெப்பம் குறைவு என்பதால் மேல் எல்லையை எடுத்துக்கொள்வதே சரி. தாத்தாவின் பழைய போர்வை தருவது 2 டாக். பாதிகூட இல்லை.

மகன் கடைக்குப் போகிறார். பூப்போட்ட, பளபளப்பான, இரண்டு அடுக்குப் பாலியஸ்டர் போர்வை ஒன்று, நான்கு கிலோ. தூக்கிப் பார்த்ததும் மனசுக்குப் பிடித்துவிடுகிறது. அதன் தடிமன் ஒரு சென்டிமீட்டர், அதாவது 2.5 டாக். அதைப் பழைய பஞ்சுப் போர்வைக்கு மேலே போட்டதும், நான்கு கிலோ பாரம் கீழே இருக்கும் பஞ்சை இன்னும் அமுக்குகிறது. 8 மில்லிமீட்டர் 6 ஆகிறது, 2 டாக் ஒன்றரை ஆகிறது. கூட்டினால் 4. ஆறு கிலோவுக்குக் கீழே தாத்தா படுத்திருக்கிறார், தேவையின் கீழ் எல்லையை மட்டும் தொட்டுக்கொண்டு.

இப்போது இன்னொரு வழி. பழைய பஞ்சுப் போர்வையை மூன்று காலை வெயிலில் போட்டுத் தட்டுகிறார்கள். அது 14 மில்லிமீட்டராக உப்புகிறது: 3.5 டாக். அதற்கு உள்ளே, உடம்பை ஒட்டி 700 கிராம் ஃபிளீஸ்: 1 டாக். மொத்தம் 4.5. எடை 2.7 கிலோ. பாதிக்கும் குறைந்த கனம், கதகதப்பு அதிகம். மேலே ஒரு பழைய விரிப்பைப் போட்டுவிட்டால் இடுக்குக் காற்றும் அடங்கும்.

ஆறு கிலோ என்பது வெறும் எண் அல்ல. தள்ளாத வயதில் அந்தப் பாரத்தைப் போர்த்திக்கொண்டு புரண்டு படுப்பதே சிரமம். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழ வேண்டும் என்றால் அதை விலக்கவே பலம் வேண்டும், கால் சிக்கினால் விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு முகத்தை மூடிவிடக்கூடிய தளர்வான போர்வையே கூடாது, கனமானது அறவே கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கதகதப்பான உடையோ, குழந்தைக்கென்றே தைத்த தூக்கப் பையோதான் சரி.

அடுக்கும் வரிசை, கீழே வரும் குளிர்

இரண்டு மூன்று போர்வைகளைச் சேர்த்துப் போர்த்துவது தவறே இல்லை. இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலும் கொஞ்சம் காற்று சிக்கும். ஆனால் வரிசை முக்கியம். உடம்பை ஒட்டி மென்மையான ஃபிளீஸ், அதன் மேல் உப்பிய பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய நெருக்கமான துணி. கம்பளி இருந்தால் பஞ்சுக்குக் கீழே வையுங்கள், மேலே அல்ல. உப்பியதன் மீது கனமானதை வைத்தால், காசு கொடுத்து வாங்கிய காற்றை நீங்களே பிதுக்கி வெளியேற்றுகிறீர்கள்.

காற்றைத் தடுக்கிறேன் என்று பிளாஸ்டிக் விரிப்பை மேலே போடுவதும் வேண்டாம். தூக்கத்தில் உடம்பிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. விடியும்போது போர்வையின் உட்புறம் வியர்த்துப்போய் ஈரமாக இருக்கும்.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் பக்கம்: முதுகு. மேலே எவ்வளவு போர்த்தினாலும், கீழே மெல்லிய பாய் ஒன்றைப் போட்டுச் சிமெண்ட் தரையில் படுத்தால், தரை இரவெல்லாம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்கள் எடையே கீழே உள்ள விரிப்பை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுவதால், கீழே உப்பிய பொருள் உதவாது, நசுங்காத பொருள்தான் வேண்டும். தோத்தோவுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காக விரித்தாலே வித்தியாசம் தெரியும். தட்டையாகிப்போன பழைய பஞ்சுப் போர்வைக்கும் சுருள் குலையாத கம்பளிக்கும் இதுதான் நல்ல இடம். "மேலே சூடா இருக்கு, முதுகுதான் ஜில்லுன்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இன்னொரு போர்வை வாங்க வேண்டியதில்லை, அடியில் ஒன்று விரிக்க வேண்டும்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

தூக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, போர்வையை நான்காக மடித்துத் தட்டையான இடத்தில் வையுங்கள். அமுக்காமல் அதன் உயரத்தை ஒரு ரூலரால் அளந்து நான்கால் வகுத்தால் ஓர் அடுக்கின் தடிமன் கிடைக்கும். பிறகு உள்ளங்கையால் பத்து விநாடி நன்றாக அமுக்கிவிட்டு விடுங்கள். உடனே எழுந்தால் நல்ல இழை. கைத்தடம் அப்படியே பதிந்து நின்றால், இன்று எவ்வளவு உப்பியிருந்தாலும் அடுத்த மழைக்காலம் வரை அது தாங்காது.

பிறகு உங்கள் வீட்டைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். வெயில் படும் முற்றமும் காயவைக்க ஆளும் இருந்தால் பஞ்சுப் போர்வையை மிஞ்ச எதுவும் இல்லை. காலை ஆறு மணிக்கே எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீடு, துணி காய இடமில்லாத வாடகை அறை என்றால் இரண்டு ஃபிளீஸும் மேலே ஒரு விரிப்பும் ஒரு பஞ்சுப் போர்வையைவிட நம்பகமானவை. அப்படி அடுக்கினால் ஏறக்குறைய 2 டாக் வரும். கதகதப்பான உடையோடு 18, 20 டிகிரி இரவுக்குப் போதும். 15க்குக் கீழே போகும் நாட்களுக்கு இன்னொரு உப்பிய அடுக்கு வேண்டும், இந்த முறை பஞ்சுக்குப் பதில் பாலியஸ்டர் நார் அடைத்தது. ஈரம் எப்போதும் இருக்கும், காற்றும் அடிக்கும் வீடு, பத்து வருடத்துக்கு ஒரே செலவு என்று நினைப்பவர் என்றால் உண்மையான கம்பளி ஒன்று, அதோடு லேசான ஒன்று.

வரும் ஜனவரி, பிப்ரவரித் தெளிவான இரவுகளுக்கு முன்பு, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் போர்வைகளை ஒருமுறை காலை வெயிலில் போட்டுத் தட்டி, ரூலரால் அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால், கிட்டத்தட்ட ஒரு புது ஃபிளீஸின் வேலையை அந்த வெயிலே செய்துவிட்டது.